ஒரு பங்காளி கையெழுத்து போட மறுத்தால் பூர்வீக நிலத்தைப் பிரிப்பது எப்படி?

சேலம், நாமக்கல் பக்கம் வறண்ட காட்டில் கிணறும் போர்வெல்லும்தான் நிலத்தின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அதனால் பாகம் பிரிக்கும்போது எத்தனை ஏக்கர் என்பதைவிட, கிணறு யார் பக்கம், வண்டிப்பாதை எந்தப் பக்கம் என்பதில்தான் பேச்சு முறியும். மற்ற எல்லோரும் தயாராக இருந்தும் ஒருவர் மட்டும் கையெழுத்து போட மாட்டேன் என்றால், பட்டா கூட்டாகவே கிடக்கும், வங்கிக் கடன் கிடைக்காது, விற்கவும் முடியாது.

ஒருவர் மறுப்பதால் பாகம் நின்றுவிடாது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் போடும் பாகப்பிரிவினைப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. மீதிப் பேர் சேர்ந்து பத்திரம் எழுதிப் பதிவு செய்தாலும் அவருடைய பங்கு அப்படியே நிற்கும். அந்தப் பத்திரத்தை நம்பி வாங்குபவர் பின்னாளில் சிக்கிக்கொள்வார். அவர் ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குதான் வழி.

யாருக்கு எவ்வளவு பங்கு?

வழக்குக்கு முன் பங்குக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். ராசிபுரம் பக்கம் 6 ஏக்கர் நிலம். நான்கு ஏக்கர் கிணற்றுப் பாசனம், இரண்டு ஏக்கர் மானாவாரி. அப்பா உயில் எழுதாமல் 2012-ல் காலமானார். அம்மா இருக்கிறார். இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மூத்த மகன்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சொந்தக் காசில் போர்வெல் போட்டவர். கையெழுத்து போட மறுப்பவரும் அவரே.

நிலம் அப்பா தானே வாங்கியது என்றால் கணக்கு எளிது. அம்மாவும் நான்கு பிள்ளைகளும் சம வாரிசுகள். ஆளுக்கு 1.20 ஏக்கர்.

நிலம் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு மாறும். 2005-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தத்தின்படி மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவிட்டது. எனவே அப்பா, நான்கு பிள்ளைகள் என ஐந்து பங்கு. அப்பாவின் ஒரு பங்கு அம்மாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் மீண்டும் ஐந்தாகப் பிரியும். முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25-ல் 6 பங்கு, அதாவது 1.44 ஏக்கர். அம்மாவுக்கு 25-ல் 1 பங்கு, 24 சென்ட்.

தாத்தா நிலம் எல்லாமே பூர்வீகம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் இல்லாமல் 1956 ஜூன் 17-க்குப் பிறகு இறந்து, அப்பாவுக்கு வாரிசாக வந்த நிலம் பொதுவாக அப்பாவின் தனிச் சொத்தாகவே கருதப்படும். அப்போது முதல் கணக்கு, அதாவது ஆளுக்கு 1.20 ஏக்கர் பொருந்தும். தாய்ப்பத்திரத்தையும் இறப்புத் தேதிகளையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கணக்கைப் பேசாதீர்கள். இங்கே சொன்னவை இந்து வாரிசுச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும். இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு விதி வேறு.

கல்யாணத்துக்கு நகை போட்டாகிவிட்டது, அதனால் மகளுக்குப் பங்கில்லை என்ற வாதம் நிற்காது. பல வருடம் முன்பு எழுதிய கூர்ச்சீட்டைக் காட்டி, பாகம் முடிந்துவிட்டது என்பதும் எளிதில் எடுபடாது. மகளின் உரிமையைத் தடுக்க 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ வேண்டும். வாய்மொழிப் பாகத்தை, அரசு ஆவணங்கள் தெளிவாகத் துணை நின்றால் மட்டுமே, அதுவும் அரிதாகத்தான் ஏற்பார்கள்.

மறுப்பவர் ஏன் மறுக்கிறார்?

வழக்குக்குப் போகும் முன் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் மூத்தவர், பங்கே தர மாட்டேன் என்று சொல்லவில்லை. 'போர்வெல் நான் போட்டது, அது உங்கள் பக்கம் போனால் நான் என்ன செய்வேன்' என்பதுதான் அவர் பயம். சகோதரிகளின் பயம் வேறு: பாதையில்லாத மானாவாரி மூலையைத் தங்கள் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது.

வழக்குப் போனால் நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும்? ஒரு பங்காளி தன் செலவில் மேம்படுத்திய பகுதியை, மற்றவர்களுக்குக் குறை வராமல் இருந்தால், அவர் பங்கிலேயே ஒதுக்குவது வழக்கம். ஒருவருக்கு நல்ல நிலம் போய்விட்டால், மதிப்பு வித்தியாசத்தை மற்றவருக்கு ஈடுதொகையாகத் தரச் சொல்லும். எனவே மூத்தவரின் 1.44 ஏக்கரைப் போர்வெல் உள்ள பக்கமே வைத்து, கிணற்றைப் பொதுவில் விட்டு, வித்தியாசத்துக்குப் பணம் பேசலாம். நீதிமன்றம் பல வருடம் கழித்துச் செய்யக்கூடியதை வீட்டுத் திண்ணையிலேயே எழுதிக்கொள்ளலாம்.

அப்படி ஒத்துவந்தால் பத்திரத்தில் மூன்று விஷயம் விடுபடக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்பது முதலாவது. மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது, மோட்டார் பழுதுச் செலவு எப்படிப் பிரியும் என்பது இரண்டாவது. வண்டிப்பாதை எத்தனை அடி அகலம், எந்தச் சர்வே எண் வழியாகப் போகிறது என்பது மூன்றாவது. பின்னாளில் வரும் சண்டையில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் தொடங்கும். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. பத்திரம் எழுதும் நாளில் உள்ள கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழக்குப் போடும்போது

பேச்சு முறிந்தால், பங்கைக் கேட்டு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நிலம் உள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஒரே ஒரு பங்காளிகூட வழக்குப் போடலாம். மற்றவர்கள் அனைவரும் பிரதிவாதிகளாக வர வேண்டும். அம்மாவை விட்டாலோ, ஒரு சகோதரியை விட்டாலோ, குடும்பத்தின் இன்னொரு நிலத்தைச் சேர்க்காமல் விட்டாலோ வழக்கு அதனாலேயே தோற்கலாம். வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், சிட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள். வில்லங்கச் சான்றைப் பார்த்தால், மறுப்பவர் யாருக்கும் அடமானமோ கிரயமோ கொடுத்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். அவர் பெயருக்குப் பட்டா மாறியிருந்தாலும் கவலை வேண்டாம். பட்டா மட்டும் உங்கள் உரிமையை அழிக்காது.

நீதிமன்றக் கட்டணத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் கட்டணம் குறிப்பிட்ட சிறு தொகைதான். அனுபவத்திலிருந்து உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று மனுவிலேயே எழுதினால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பங்கு 30 லட்சம் என்றால் 90,000 ரூபாய். ஊரில் இல்லாவிட்டாலும், ஒரு பங்காளியின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகவே சட்டம் பொதுவாகக் கொள்ளும். உண்மை நிலவரத்தை வழக்கறிஞரிடம் சொல்லி, மனுவின் வாசகத்தைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள்.

வழக்கோடு, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது அவர் விற்றாலும், வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. சேலம், நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். நடக்கும் வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்தால் செலுத்திய கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவுக்கு மேல்முறையீடும் கிடையாது.

முதல்நிலைத் தீர்ப்பாணை கையில் வந்தால் நிலம் வந்துவிடாது

பலர் ஏமாறுவது இங்கேதான். பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு இரண்டு கட்டம். முதல்நிலைத் தீர்ப்பாணை, யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். எந்த மூலை யாருக்கு என்று சொல்லாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று பல வருடம் சும்மா இருக்கும் குடும்பங்கள் உண்டு.

அடுத்து நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமிக்கும். அவர் சர்வேயருடன் காட்டுக்கு வந்து அளந்து, கிணறு, போர்வெல், தென்னை, பாதை எல்லாம் குறித்து, வரைபடத்துடன் அறிக்கை தருவார். அந்த நாளில் கட்டாயம் நிலத்தில் இருங்கள். தண்ணீர் எந்தக் கிணற்றில் எத்தனை மாதம் நிற்கிறது, பாதை எது என்பதைக் காட்டுங்கள். அறிக்கை தவறாக இருந்தால் ஆட்சேபம் எழுத்தில் தாக்கல் செய்யலாம். விட்டால் பிறகு வருந்திப் பயனில்லை. அதன் பிறகு வருவது இறுதித் தீர்ப்பாணை. இதை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். அதன் பேரில்தான் அமீனா மூலம் நிலத்தை ஒப்படைக்கச் செய்யவும், வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்கவும் முடியும். இறுதித் தீர்ப்பாணையை நிறைவேற்றக் காலக்கெடு 12 ஆண்டுகள்.

இந்த இரண்டாம் கட்டத்துக்குத் தனி மனு வரும் வரை பல நீதிமன்றங்கள் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. கேரளக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 13-ல் இதை மாற்றியது. ஒரு கிளையின் பெற்றோர் சட்டப்படி திருமணம் ஆனவர்களே இல்லை என்று கூறி, மறு கிளை பங்கை மறுத்த வழக்கு அது. மறுத்தவர்கள் தோற்றார்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததுமே, தனி மனுவுக்குக் காத்திராமல், இறுதித் தீர்ப்பாணைக்கான வேலையைக் கீழ் நீதிமன்றங்கள் தாமாகவே தொடங்க வேண்டும் என்று அதில் உத்தரவிட்டது. உங்கள் வழக்கு பங்கு அறிவிப்போடு நின்றிருந்தால், இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி ஆணையரை நியமிக்கக் கேளுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் அம்மாவின் 24 சென்ட்டைத் தனியாக வெட்டினால் யாருக்கும் பயன்படாது. அம்மா சம்மதித்தால், அவரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையின் பங்கோடு ஒட்டியே ஒதுக்கச் சொல்லலாம். அதை ஆணையர் அளக்க வரும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.