ஸ்பாட் என்ட்ரி உண்டா சார்?

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் குழந்தைகள் சதுரங்கப் போட்டி நடத்துகிறவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி தூக்கம் கிடையாது. "சார், பேர் குடுக்க மறந்துட்டோம், நாளைக்கு நேரா வந்தா சேத்துக்குவீங்களா?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் எத்தனை பேரை, எத்தனை மணி வரைக்கும் என்பதை அந்த போன் வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்தப் போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கும். யாரும் வெளியேற மாட்டார்கள். எல்லா ரவுண்டும் எல்லாரும் ஆடுவார்கள். முதல் ரவுண்டுக்கு எல்லாரையும் ரேட்டிங்படி வரிசைப்படுத்தி, பட்டியலை நடுவில் பிரித்து, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு மோதவிடுவார்கள். 40 பேர் என்றால் ஒன்றாம் எண்காரருக்கு 21. நடுவில் ஒருவர் புதிதாக நுழைந்தால் அவருக்குக் கீழே உள்ள எல்லாருடைய எண்ணும் நகரும், ஜோடிகளும் மாறும். ஆகவே பேரிங் போடும் நிமிஷம்தான் உண்மையான கடைசி நேரம். நோட்டீஸில் போடும் தேதி நமது வசதிக்காக.

அந்தத் தேதியைப் பின்னோக்கி எண்ணித்தான் குறிக்க வேண்டும். கோப்பையில் பிரிவின் பெயர் பொறிக்கக் கடைக்காரர் எத்தனை நாள் கேட்கிறார்? மேசை நாற்காலி வாடகைக்கு எப்போது எண்ணிக்கை சொல்ல வேண்டும்? 9 வயதுப் பிரிவில் பெண்கள் ஆறே பேர் என்றால் தனியாக நடத்துவதா, பையன்களோடு ஆடவிட்டுப் பரிசை மட்டும் தனியாகக் கொடுப்பதா? இவற்றில் எது அதிக நாள் கேட்கிறதோ அதுதான் தேதியைத் தீர்மானிக்கும். கோப்பைக்கு இரண்டு நாள் என்றால் வியாழன் மாலையோடு பதிவை மூடிவிடலாம். வெள்ளிக்கிழமை பணத்தைச் சரிபார்க்கவே போய்விடும். அப்பாவின் ஜிபேயிலிருந்து வந்த 400 ரூபாய் எந்தப் பையனுக்கு என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலையல்ல.

மூடிய பிறகு, "பலரது வேண்டுகோளுக்கு இணங்க" என்று ஒரு நாள் நீட்டிப்பவர்கள் உண்டு. அடுத்த போட்டிக்கு அவர்கள் சொல்லும் தேதியை ஒருவரும் மதிப்பதில்லை. அதைவிட, நேரில் வருகிறவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கி, கட்டணத்தையும் கூட்டி, நோட்டீஸிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹாலில் 60 போர்டு, அதாவது 120 பேர். முன்பதிவை 108-ல் நிறுத்தி, 12 இடத்தை ஸ்பாட் என்ட்ரிக்கு விடுகிறோம். முதல் ரவுண்டு 9:30-க்கு. எட்டு மணிக்கு ரிப்போர்ட்டிங் மேசை திறக்கும். பணம் கட்டியவரும் அங்கே வந்து பெயருக்கு நேரே டிக் வாங்கினால்தான் ஆட்டத்தில் சேர்த்தி. நேரில் வருகிறவர்கள் பக்கத்து மேசையில் வரிசையாக டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். 8:45-க்கு இரண்டையும் மூடும்போது முன்பதிவுக்காரர்களில் எட்டுப் பேர் வரவில்லை, டோக்கன் வாங்கியவர்கள் 17 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கிய 12-உடன் வராதவர்களின் எட்டும் சேர்ந்து 20 இடம் இருக்கிறது. பதினேழு பேரும் உள்ளே. மொத்தம் 117.

இந்த டிக்கை அலட்சியம் செய்தால் முதல் ரவுண்டிலேயே தெரிந்துவிடும். வராத பையனுக்கும் பேரிங் விழுந்து, எதிரே உட்கார்ந்த குழந்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஆடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். கூட வந்த அம்மாவுக்குக் கோபம்தான் வரும், ஆட வைக்கத்தானே அழைத்து வந்தார்.

பிரிவுவாரியாகவும் ஒரு கண் வேண்டும். ஒரு பிரிவில் ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் ரவுண்டுக்கு ஒருவர் சும்மா உட்கார்ந்து 'பை' புள்ளி வாங்குவார். அங்கே ஸ்பாட்டில் ஒரு பிள்ளை வந்தால் வரம். ஆனால் 30 பேர் இருந்த பிரிவில் எட்டுப் பேர் கூடினால் வேறு சிக்கல்: ஐந்து ரவுண்டில் 32 பேர் வரைதான் முழுப் புள்ளியோடு ஒரே ஆள் மிஞ்சுவார் என்று சொல்ல முடியும். அதைத் தாண்டினால் இரண்டு பேர் 5/5 என்று நிற்கலாம், கோப்பையை டைபிரேக் தீர்மானிக்கும். இதற்காகப் பிரிவுக்கும் ஓர் உச்ச வரம்பு வைப்பது உண்டு.

பேரிங்கை ஒட்டிய பிறகு, பஸ் லேட் என்று ஓடிவருகிறவர்களை என்ன செய்வது? முதல் ரவுண்டைக் கலைக்கக் கூடாது. இடமிருந்தால், ஆர்பிட்டர் சம்மதித்தால், இரண்டாம் ரவுண்டிலிருந்து ஆடலாம். முதல் ரவுண்டுக்குப் பூஜ்யம். அந்த ரவுண்டுக்கு அரைப் புள்ளி தரும் போட்டிகளும் உண்டு, ஆனால் அது முன்கூட்டியே விதியில் இருக்க வேண்டும். சங்கச் செயலாளரின் மருமகனுக்காக 9:40-க்குப் பிறக்கக் கூடாது.