உயிர்க்குறிகள்: அளக்கும் முறையும் அளவுகளின் பொருளும்

வார்டில் ‘வைட்டல்ஸ்’ என்று சொல்லப்படும் உயிர்க்குறிகள் அடிப்படையில் நான்கு: உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம். விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவையும் இப்போது இவற்றோடு சேர்த்தே குறிக்கிறார்கள்.

வெப்பநிலை எடுப்பது எளிது. எங்கே எடுத்தோம் என்பதை மட்டும் குறிப்பேட்டில் எழுத மறக்கக்கூடாது. வாயில் எடுத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அக்குளில் எடுத்தால் ஏறக்குறைய அரை டிகிரி குறைவாகக் காட்டும்.

நாடியை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, நடு மூன்று விரல்களின் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு. அதை வைத்துப் பார்த்தால் பார்ப்பவரின் நாடியே எண்ணிக்கையில் கலந்துவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. துடிப்பு சீராக இல்லாவிட்டால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

அதிகம் ஏமாற்றப்படும் அளவு மூச்சுதான். வேலை நெருக்கடியில் எண்ணிப் பார்க்காமலே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் பல வார்டுகளில் உண்டு. மூச்சை எண்ணப்போகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சின் வேகத்தை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், நாடி பார்ப்பது போலவே இருந்துகொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு மூச்சு. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பச்சிளங்குழந்தைக்கோ 30 முதல் 60 வரை இயல்பு.

ரத்த அழுத்தம் எடுப்பதில்தான் தவறுகள் அதிகம் நேரும். நோயாளி ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, கால்கள் தரையில் ஊன்றியிருக்க, மேற்கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். பருத்த கையில் சிறிய கஃப்பைச் சுற்றினாலும் அப்படித்தான்.

முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடியே கஃப்பில் காற்றடித்து, நாடி எந்த எண்ணில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். காற்றை முழுதும் இறக்கி, சற்றுப் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேலே 30 வரை மறுபடி ஏற்றி, முழங்கையின் உட்புறத் தமனி மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். முதலில் கேட்கும் ‘டப்’ ஒலி மேல் அழுத்தம். ஒலி அடியோடு மறையும் இடம் கீழ் அழுத்தம். ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905-இல் விவரித்த ஒலிகள் இவை. தொட்டுப் பார்க்கும் முதல் படியைத் தாண்டிவிடக் கூடாது. சிலருக்கு ஒலி நடுவில் நின்று, கீழே மறுபடி தொடங்கும். போதிய அளவு காற்றேற்றாமல் அந்த இடைவெளியில் கேட்கத் தொடங்கினால், உயர் அழுத்தம் உள்ளவருக்கும் இயல்பான அளவே கிடைக்கும்.

பெரியவர்களுக்கு 120/80-ஐ ஒட்டிய அளவு இயல்பு என்கிறோம். இயல்பு எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோரின் அளவுகள் அடங்கும் பரப்பு மட்டுமே. ஒருவருக்கு எது இயல்பு என்பதை அது சொல்லாது. ஓட்டப் பயிற்சி உள்ளவருக்கு ஓய்வில் நாடி 52 இருக்கலாம். அவருக்கு 95 வந்தால், எல்லைக்குள் இருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். வயிற்று அறுவை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவருக்குக் காலை 10 மணிக்கு நாடி 78, மூச்சு 16, ரத்த அழுத்தம் 130/80. 11 மணிக்கு நாடி 96, மூச்சு 20, அழுத்தம் 126/86. நாடியும் மூச்சும் எல்லைக்குள் இருப்பதால் தனியாகப் பார்ப்பவர் ‘நார்மல்’ என்று எழுதிவிடுவார். 12 மணிக்கு நாடி 112, மூச்சு 24, அழுத்தம் 122/92. மேல் அழுத்தம் இன்னும் விழவில்லை. ஆனால் மேல், கீழ் அழுத்தங்களின் இடைவெளி 50, 40, 30 என்று சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

உள்ளே ரத்தம் கசிந்தால் இப்படித்தான் தொடங்கும். ரத்தம் குறையும்போது உடல் நாளங்களைச் சுருக்குகிறது. அதனால் கீழ் அழுத்தம் ஏறுகிறது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. பெரியவர் ஒருவர் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இழந்த பின்னும்கூட மேல் அழுத்தம் விழாமல் இருக்கலாம். 11 மணிக்கே கட்டையும் ட்ரெயின் குழாயையும் பார்த்து, சிறுநீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று கவனித்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுத்திருக்க வேண்டும். வலியாலும் நாடி ஏறும். ஆனால் கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை வலிதான் காரணம் என்று விட்டுவிடக் கூடாது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் போனாலும் நாடி ஏறாமலே இருக்கலாம். அவர்களிடம் மூச்சின் எண்ணிக்கையையும், தோல் குளிர்ந்து வியர்க்கிறதா என்பதையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.