சைட் இன்ஜினியர் ரெஸ்யூம்: 'பில்லிங் தெரியும்' என்றால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"சிவில் சைட் இன்ஜினியர் தேவை. மூன்று ஆண்டு அனுபவம். ஆட்டோகேட், பில்லிங், சைட் சூப்பர்விஷன் தெரிந்திருக்க வேண்டும்." கட்டுமான நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் வாசகம் இது. சிவில் படித்த நம் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்ததும் அந்த மூன்று சொற்களையும் ரெஸ்யூமில் சேர்த்து அனுப்பி விடுகிறார்கள். அழைப்பு வருவதில்லை. வந்தாலும் நேர்முகத் தேர்வு சில நிமிடங்களில் முடிந்து விடுகிறது.

காரணம் எளிது. ரெஸ்யூமைப் பார்க்கும் பிராஜெக்ட் மேனேஜர் அந்தச் சொல்லைத் தேடுவதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைத் தேடுகிறார்.

உதாரணத்திற்கு ஒரு ரெஸ்யூமை எடுத்துக் கொள்வோம். பி.இ. சிவில் முடித்து, ஐந்து தளங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு தம்பியுடையது. திறன்கள் என்ற தலைப்பில் ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் புரோ, பிரைமவேரா என்று நான்கு மென்பொருள்கள். அனுபவம் என்ற தலைப்பில் "சைட் சூப்பர்விஷன், தரக் கட்டுப்பாடு, பில்லிங்" என்று ஒரே வரி. மேலே கண்ட விளம்பரத்திற்கு இவர் பொருத்தமானவரா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரைபடம்: வரைவதை விட வாசிப்பது முக்கியம்

சைட் இன்ஜினியர் கட்டடத்தை வடிவமைப்பவர் அல்லர். ஆர்க்கிடெக்ட் தரும் வரைபடத்தையும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் ஒப்பிட்டு, தூண் ஓரிடத்திலும் கதவு அதே இடத்திலும் வருகிறதா என்பதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே கண்டுபிடிப்பவர். தேவைப்படும் அளவுகளை வரைபடத்திலிருந்து எடுப்பவர். கட்டி முடித்த பின் உள்ளது உள்ளபடி வரைந்து கொடுப்பவர்.

எனவே நான்கு மென்பொருள்களின் பெயரை விட, "மூன்று தளங்களுக்கு உள்ளபடியான வரைபடம் ஆட்டோகேட்டில் தயாரித்தேன்" என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். சான்றிதழ் மட்டும் உள்ளவரையும் உண்மையில் பயன்படுத்தியவரையும் பிரிக்க ஒரு சிறிய கேள்வி போதும். மில்லிமீட்டரில் வரையப்பட்ட 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையின் பரப்பை `AREA` கட்டளை கொடுத்துப் பார்த்தால் 12000000 என்று வரும். அதைப் பத்து லட்சத்தால் வகுத்து 12 சதுர மீட்டர் என்று உடனே சொல்பவர் அந்த மென்பொருளில் வேலை செய்தவர். எண்ணைப் பார்த்துத் திகைப்பவர் வகுப்பில் மட்டும் பார்த்தவர்.

பில்லிங்: இங்கேதான் பலர் நிற்கிறார்கள்

பில்லிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, மேஸ்திரி, கம்பி கட்டுபவர் போன்ற துணை ஒப்பந்தக்காரர்கள் செய்த வேலையை அளந்து, அவர்கள் கேட்கும் தொகையைச் சரிபார்ப்பது. இரண்டாவது, கட்டட உரிமையாளரிடம் நிறுவனம் பணம் கேட்பதற்கான ரன்னிங் பில்லைத் தயாரித்து, அவர் தரப்பு இன்ஜினியரிடம் ஒப்புதல் வாங்குவது. முதலாவதைச் செய்தவருக்கு இரண்டாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. விளம்பரம் எதைக் கேட்கிறது, தம்பி எதைச் செய்திருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எதைச் செய்திருந்தாலும், அளவெடுக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும். ஒரு சுவர் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். இரு பக்கமும் ஒரே சிமெண்ட் பூச்சு. அதில் 1 மீட்டருக்கு 2.1 மீட்டரில் ஒரு கதவு, 0.6 மீட்டருக்கு 0.6 மீட்டரில் ஒரு வென்டிலேட்டர். பூச்சு வேலைக்கு எத்தனை சதுர மீட்டர் பில் போடலாம்?

இரு பக்கமும் சேர்த்து 30 சதுர மீட்டர். கதவு 2.1, வென்டிலேட்டர் 0.36, இரண்டையும் இரு பக்கத்திலும் கழித்து 25.08 என்று சொல்வார் புதியவர். ஆனால் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1200 சொல்லும் முறை வேறு. 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை என்றால் ஒரு பக்கம் மட்டுமே கழிக்க வேண்டும்; திறப்பின் ஓரங்களைப் பூசியதற்குத் தனியாகச் சேர்க்கக் கூடாது. ஆகவே 30-இல் 2.1 போக 27.9 சதுர மீட்டர். ஒரே சுவரில் 2.82 சதுர மீட்டர் வித்தியாசம். ஐந்து தளங்களின் சுவர்கள் அனைத்திலும் இப்படி நடந்தால், நிறுவனத்திற்கோ பூச்சு வேலை செய்தவருக்கோ எவ்வளவு இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு முறை எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எனவே "ஒப்பந்தத்தில் அளவு முறை என்ன?" என்று முதலில் கேட்பவரே அனுபவசாலி.

ரன்னிங் பில் செய்தவரிடம் இன்னொன்றைக் கேட்கலாம். இதுவரை முடிந்த பூச்சு 640 சதுர மீட்டர். முந்தைய பில் வரை 410 என்றால், இந்தப் பில்லுக்கு உரியது 230 மட்டுமே. ஒவ்வொரு பில்லும் மொத்தத்தைக் காட்டி, முந்தையதைக் கழித்தே வரும். இதை அளவுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார், அடுத்த தரப்பில் யார் கையெழுத்திட்டார் என்று சொல்லத் தெரிந்தால் அவர் செய்தவர்தான்.

மேற்பார்வை: நின்றாரா, சோதித்தாரா?

"நாற்பது பேரை மேற்பார்வையிட்டேன்" என்பது எண்ணிக்கையைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. கான்கிரீட் போடும் முன் கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் இருந்ததா, கம்பிகளின் இணைப்பு நீளம் போதுமா, மின்குழாய்கள் போடப்பட்டனவா, சென்டரிங் முட்டுகள் உறுதியா என்று யார் பார்த்துக் கையெழுத்திட்டார் என்பதே கேள்வி.

24 கன மீட்டர் கான்கிரீட் போட்ட நாளில் எத்தனை கியூப் எடுத்தீர்கள் என்று கேட்கலாம். ஐ.எஸ். 456 விதிப்படி 16 முதல் 30 கன மீட்டர் வரை மூன்று மாதிரிகள். மாதிரிக்கு மூன்று கியூப் என, 28 நாள் சோதனைக்கே ஒன்பது. ஏழாம் நாள் சோதனை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். சிலாப் போட்ட இடத்தில் நின்றவர் இதைத் தயங்காமல் சொல்வார்.

முடிவு என்ன?

மென்பொருள்களின் பெயர்களைத் தள்ளிவிட்டு, அந்தத் தம்பியிடம் விசாரித்தால் இப்படித் தெரிய வருகிறது என்று கொள்வோம். சிலாப்புகளுக்கு முன் சோதனை செய்து கையெழுத்திட்டவர் அவர், மேற்பார்வையில் வலுவானவர். வரைபடம் வாசிப்பார், சிறிய திருத்தங்கள் வரைவார். அது இந்த வேலைக்குப் போதும். பில்லிங்கில் துணை ஒப்பந்தக்காரர்களின் பூச்சு, செங்கல் வேலைகளை அளந்து சரிபார்த்திருக்கிறார். உரிமையாளருக்கான ரன்னிங் பில்லைத் தனியாகச் செய்ததில்லை.

இவரது ரெஸ்யூமில் "பில்லிங்" என்ற சொல்லுக்குப் பதிலாக, "செங்கல், பூச்சு வேலைகளை ஐ.எஸ். 1200 முறையில் அளந்து துணை ஒப்பந்தக்காரர் பில்களைச் சரிபார்த்தேன், ரன்னிங் பில்லுக்கு அளவுத் தாள்கள் தயாரித்துக் கொடுத்தேன்" என்று எழுத வேண்டும். சிறிய நிறுவனம் சைட் இன்ஜினியரிடமே மூன்றையும் எதிர்பார்க்கும்போது இது பெரும்பாலும் போதுமானது. விளம்பரத்தில் "உரிமையாளர் பில் ஒப்புதல்" என்று தெளிவாக இருந்தால், அது பில்லிங் இன்ஜினியருக்கான இடம். இவருக்கு இப்போது அது பொருந்தாது. செய்யாததைச் செய்ததாக எழுதி உள்ளே போனால், முதல் மாதப் பில்லை உரிமையாளர் தரப்பு திருப்பி அனுப்பும்போது அது வெளிப்பட்டு விடும்.

பெற்றோர்கள் பிள்ளையின் ரெஸ்யூமைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைச் செய்தாய்? எவ்வளவு? யார் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்? பதில் வரும் வரிகள் இருக்கட்டும். பதில் வராத வரிகளை எடுத்து விடச் சொல்லுங்கள்.