105.9-ஐ 100 ஆக்கும் கணக்கு

ஐரோப்பியக் கால்பந்து லீக் ஆட்டங்களுக்குப் பந்தய நிறுவனங்கள் மூன்று விலைகளை அறிவிக்கின்றன: சொந்த மைதான அணி வெல்ல, டிரா ஆக, விருந்தாளி அணி வெல்ல. ஓர் ஆட்டத்துக்கு இவை 1.50, 4.20, 6.50 என்று வைத்துக்கொள்வோம். 1.50 என்றால், 100 ரூபாய் கட்டியவருக்கு அணி ஜெயித்தால் கட்டிய பணத்தையும் சேர்த்து 150 ரூபாய் கிடைக்கும்.

ஒன்றை விலையால் வகுத்தால், அந்த முடிவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று விலை சொல்கிறதோ அது வெளிப்படும். நம் ஆட்டத்தில் அவை 66.7, 23.8, 15.4 சதவீதம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 105.9 வருகிறது. மூன்றில் ஒன்றுதான் நடக்க முடியும் என்பதால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டக் கூடாது. மிகுதியாக நிற்கும் 5.9 நிறுவனம் தனக்காகச் சேர்த்துக்கொண்ட மார்ஜின். ஆட்டத்தைப் பற்றி நிறுவனம் உண்மையில் என்ன நினைக்கிறது என்று அறிய வேண்டுமானால், இதைக் கழித்தாக வேண்டும்.

எளிய வழி, ஒவ்வொன்றையும் 1.059-ஆல் வகுப்பது. 63.0, 22.5, 14.5 என்று கிடைக்கும், கூட்டினால் 100. பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த வழி, மூன்று விலைகளிலும் மார்ஜின் ஒரே விகிதத்தில் கலந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அப்படிக் கலப்பதில்லை.

ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த பக்கத்தில்தான் நிறுவனம் அதிகம் பிடித்துக்கொள்கிறது. குதிரைப் பந்தயத்தில் இந்தச் சாய்வை ரிச்சர்ட் கிரிஃபித் என்ற உளவியலாளர் 1949-லேயே எழுதினார். சிறு தொகை கட்டிப் பெரிய தொகை அள்ளும் ஆசை மக்களுக்கு உண்டு என்பது ஒரு காரணம். பொருளியல் அறிஞர் ஹியுன் சொங் ஷின் 1990-களின் தொடக்கத்தில் வேறொரு காரணம் காட்டினார். உள்விவரம் தெரிந்த ஒருவர் 6.50 விலையில் பணம் கட்டி ஜெயித்தால், நிறுவனத்துக்கு அடி பலமாக விழும். 1.50-இல் அவ்வளவு விழாது. ஆகவே பெரிய விலைகளை முன்னெச்சரிக்கையாகக் கூடுதலாகக் குறைத்து வைக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய அடுக்கு முறை உதவுகிறது. மூன்று பின்னங்களையும் ஒரே அடுக்குக்கு உயர்த்தி, கூட்டுத்தொகை சரியாக 1 ஆகும் அடுக்கைத் தேட வேண்டும். எக்செல் தாளில் ஓர் அறையில் அடுக்கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாலே போதும். நம் ஆட்டத்துக்கு அது 1.068:

```
=(1/1.50)^1.068
=(1/4.20)^1.068
=(1/6.50)^1.068
```

விடை 64.9, 21.6, 13.5. பெரிய பின்னம் 3 சதவீத அளவுக்குத்தான் சுருங்கியது. சிறியது 12 சதவீதம் சுருங்கிவிட்டது. ஷின்னின் சூத்திரத்தைப் போட்டால் 64.3, 22.0, 13.7 வருகிறது. இரண்டுமே விருந்தாளி அணிக்கு எளிய வகுத்தலைவிடக் குறைவாகத்தான் தருகின்றன.

எது சரி என்று பழைய ஆட்டங்களின் முடிவுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அங்கே பொறுமை வேண்டும். இதேபோன்ற 1,000 ஆட்டங்களை எடுத்தால், விருந்தாளி அணி ஒரு கணக்குப்படி 145 முறையும் இன்னொன்றின்படி 135 முறையும் ஜெயிக்க வேண்டும். வித்தியாசம் பத்து. வெறும் தற்செயலாலேயே அந்த எண்ணிக்கை பதினொன்று வரை சாதாரணமாக ஏறி இறங்கும். 10,000 ஆட்டங்கள் சேர்ந்தால் வித்தியாசம் 100 ஆகிவிடும், தற்செயலின் ஆட்டம் 35 அளவில் நின்றுவிடும். அப்போதுதான் தீர்ப்புச் சொல்லலாம். ஒரே சீசனை வைத்து முறையை மாற்றுபவர்கள் தற்செயலைத் துரத்துகிறார்கள்.

விலைகளை எடுக்கும்போதும் கவனம் தேவை. மூன்றும் ஒரே நிறுவனத்துடையதாக, ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் எங்கே விலை அதிகமோ அங்கே எடுத்துச் சேர்த்தால், கூட்டுத்தொகை 100-க்குக் கீழேகூடப் போகும். அதில் கழிக்க மார்ஜினே இருக்காது. இன்னொன்று, இந்த மும்முனை விலை 90 நிமிடத்துக்கும் காயநேரத்துக்கும் மட்டுமே. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது, ஆனால் 90 நிமிட முடிவில் 2-2. எனவே இந்தச் சந்தையில் அது டிரா.

இரு அணிகளும் சமபலமாக இருந்தால் எளிய வகுத்தலே போதும். 2.60, 3.30, 2.80 என்ற விலைகளில் அடுக்கு முறையும் வகுத்தலும் 0.2 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகுவதில்லை. ஒரு பக்கம் பலமாகச் சாய்ந்திருந்தால் அடுக்கு முறையையோ ஷின் முறையையோ எடுங்கள்.

கிடைத்த எண்களை அதே நிறுவனத்தோடு பந்தயம் கட்டும் ஆயுதமாக நினைத்துவிடாதீர்கள். அவை நிறுவனத்தின் கருத்தே தவிர வேறில்லை. அடுக்கு முறைக் கணக்குப்படி, நம் ஆட்டத்தில் 1.50-இல் கட்டிய 100 ரூபாய் சராசரியாக 97 ஆகத் திரும்பும், 4.20-இல் 91 ஆகவும், 6.50-இல் 88 ஆகவும் திரும்பும்.