ஸ்கோர் என்ன என்று கேட்டுப் பாருங்கள்

மே மாத ஞாயிறு, சென்னையில் ஒரு மைதானம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குத் தொடங்கிய கிரிக்கெட் பத்து மணியாகியும் முடியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பந்து வீச வந்த நாற்பது வயதுக்காரர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். “ஒண்ணுமில்லடா, சதை பிடிச்சிருக்கு” என்று அடுத்த ஓவரையும் கையில் எடுக்கிறார். இரண்டு பந்துக்குள் தலை கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது. முகம் வெளுத்து, உடம்பு வியர்வையில் நனைந்திருக்கிறது.

இதுதான் வெப்பச் சோர்வு. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அந்த வியர்வை காய வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது காயாமல் சொட்டிப் போகிறது. உடம்புக்கு நீரும் உப்பும் நட்டம், சூடோ அப்படியே நிற்கிறது. பழக்கம் விட்டுப்போனவருக்கு இது சீக்கிரமே வரும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும்.

அவரை நிழலில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். ஷூவையும் சட்டையையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். குமட்டல் அடங்கியதும் மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெளிந்துவிட்டாலும் அன்றைக்கு ஆட்டம் கிடையாது.

எவ்வளவு குடிப்பது? எடை மெஷின் சொல்லிவிடும். விளையாடும் முன் 72 கிலோ, முடிந்ததும் 70.5. இடையில் ஒரு லிட்டர் குடித்திருந்தால், வியர்வையில் போனது இரண்டரை லிட்டர். இதை வெறும் தண்ணீராலேயே ஈடுகட்டப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், அதனாலும் தலைவலியும் வாந்தியும் வரும். ஆட்டம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். மேற்கொண்டு தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாம் தலைதட்டி அளந்தது. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதுதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அதனால் உப்பின் வேலையை அது மட்டும் செய்துவிடாது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதைவிட ஆபத்தானது ஹீட் ஸ்ட்ரோக். தோல் வறண்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நம்பி ஏமாறாதீர்கள். ஓடியாடி வருவதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், புத்தி தடுமாறும். அவரிடம் ஸ்கோர் என்ன என்று கேளுங்கள். சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிந்து விழுந்தாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். ஐஸ் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கிடைத்ததை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறிக்கொண்டே இருங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. நினைவு தடுமாறியவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.