அறிவித்த நாளிலேயே கடன்

ஒரு கோடி பங்குகள் கொண்ட இந்திய நிறுவனம் ஒன்று, பங்குக்கு 5 ரூபாய் ஈவுத்தொகை தரலாம் என்று மே மாதம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இயக்குநர் குழுவின் பரிந்துரை மட்டுமே. மார்ச் 31 கணக்கில் கடனாக ஏறாது.

ஆகஸ்ட் 10 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தந்ததும் 5 கோடி ரூபாய் நிறுவனத்தின் கடனாகிவிடுகிறது. சேர்த்துவைத்த லாபத்திலிருந்து கழிந்து, 'தர வேண்டிய ஈவுத்தொகை' என்று பொறுப்புகள் பக்கம் போய் உட்காரும். பணம் இன்னும் கைமாறவில்லை. ஆனாலும் இயக்குநர்கள் இஷ்டப்படி பின்வாங்க முடியாது.

2013 கம்பெனிச் சட்டப்படி 5 நாளில் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, 30 நாளில் பட்டுவாடா செய்தாக வேண்டும். காரணமின்றித் தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பணம் போய்ச் சேர்ந்த பிறகே அந்தக் கடன் கணக்கிலிருந்து நீங்கும்.