நார் உரிச்சும் ஏன் ரப்பர் மாதிரி இருக்கு? கொத்தவரங்காய், அவரைக்காய் பக்குவமாக வேக என்ன செய்யணும்?

திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை சாலை மார்க்கெட்டில் அரை கிலோ கொத்தவரங்காய் வாங்கி, கழக்கூட்டத்து வாடகை வீட்டில் அன்றே தீயல் வைத்தேன். வறுத்து அரைத்த தேங்காய் மணத்தது, புளியும் சரியாக இருந்தது. காயை மட்டும் கடிக்க முடியவில்லை. நாற்பது நிமிஷம் கொதித்த பிறகும் பல்லில் அழுந்தி, திரும்ப எழும்பியது. போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டி, காயை வேக வைக்காமலே புளி ஊத்துனியா?"

அந்தக் கேள்விக்குள்தான் பாதி விடை இருக்கிறது. மீதி பாதி, காயை நறுக்கும்போதே கையில் இருக்கிறது.

முதலில், எது எந்தக் காய்?

ஆப்பில் 'கிளஸ்டர் பீன்ஸ்' என்று வருவது கொத்தவரங்காய். கேரளத்துக் கடைகளில் கொத்தமர என்றும் கொத்தவர என்றும் சொல்வார்கள். 'பிராட் பீன்ஸ்' என்று பெரும்பாலும் வருவது நம்ம அவரைக்காய், இங்கே அமரக்கா. 'பிளாட் பீன்ஸ்' என்ற பெயரில் அகலமாக, தட்டையாக வருவது பெரும்பாலும் பட்டை அவரை. அதுவும் அவரைக் குடும்பத்து ரகம்தான்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கில சமையல் குறிப்புகளில் பிராட் பீன்ஸ் என்றால் அது ஃபாவா என்ற வேறொரு செடி. அதன் விதையை மட்டும் உரித்து எடுப்பார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்து அவரைக்காய் சமைத்தால் நேரமும் முறையும் ஒத்து வராது. ஜி6பிடி குறைபாடு இருப்பவர்களிடம் டாக்டர்கள் தவிர்க்கச் சொல்லும் பிராட் பீன்ஸும் அந்த ஃபாவாதான். பெயர் ஒன்றாக இருப்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

காயில் இரண்டு விதமான கடினம்

ஒரு அவரைக்காய் மென்மையாக இல்லை என்றால் அதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது நார். காயின் இரண்டு ஓரங்களிலும் காம்பிலிருந்து நுனி வரை ஒரு தையல் ஓடுகிறது. விதைகள் ஒட்டியிருக்கும் பக்கத்தில் அது கொஞ்சம் தடிமனாக இருக்கும். காய் முற்றும்போது இந்த ஓர நார்களில் லிக்னின் படிகிறது. மரத்தை மரமாக்கும் அதே பொருள் இது. சமையலறையில் எந்தச் சூடும் லிக்னினைக் கரைக்காது. ஐந்து விசில் விட்டால் சதை குழையும், நார் அப்படியே வாயில் வரும். அதனால் நாரைக் கையால் எடுத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது சதை. செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். நல்ல கொதியில் இது கரைகிறது, காய் மெத்தென்று ஆகிறது. நாம் செய்யும் சில தவறுகளால் இந்தப் பசை கரையாமல் இறுகிப் போகலாம். ரப்பர் மாதிரி ஆவது இதனால்தான். நாரில்லாத பிஞ்சுக் காயும் இப்படி ஆகும்.

கடித்துப் பார்த்தே எது பிரச்சினை என்று கண்டுபிடிக்கலாம். மென்ற பிறகு வாயில் நூல் மிஞ்சினால் நார். நூல் எதுவும் இல்லாமல் பல்லின் கீழ் துள்ளினால் சதை.

நார் எடுப்பது எப்படி?

முதலில் முழுக் காயாகவே கழுவிவிடுங்கள். கத்தியை எடுக்க வேண்டாம். பலர் செய்யும் தவறு, இரண்டு முனைகளையும் கத்தியால் வெட்டிவிட்டு நாரைத் தேடுவது. காம்புதான் நாரின் கைப்பிடி. அதை வெட்டிவிட்டால் பிடித்து இழுக்க எதுவும் இருக்காது.

அவரைக்காயில் காம்புப் பக்கத்தை விரலால் ஒரு ஓரம் பார்த்துக் கிள்ளுங்கள். முழுதாக ஒடித்துப் போடாமல், அந்தத் துணுக்கைப் பிடித்தபடியே ஓரத்தோடு கீழே இழுத்தால் நார் நூலாகக் கழன்று வரும். பிறகு காயைத் திருப்பி, நுனியை எதிர் ஓரம் பார்த்துக் கிள்ளி மேல்நோக்கி இழுங்கள். இரண்டு ஓரமும் முடிந்தது. அடுத்து காயைப் பிளந்து உள்ளே பாருங்கள். வெளியே சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்க வாய்ப்பு அதிகம்.

பிளக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். உட்பக்கத்தில் காகிதம் மாதிரி ஒரு ஜவ்வு விறைப்பாகத் தெரிந்தால் அந்தக் காய் முற்றிவிட்டது. ஓர நாரை எடுத்தாலும் அந்த ஜவ்வு வேகாது. தோலைப் போட்டுவிட்டு விதையை மட்டும் எடுங்கள். மொச்சையும் அவரையும் ஒரே இனம்தான், அந்த விதையை மொச்சை மாதிரி சமைக்கலாம். ஆனால் முற்றிய விதையை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

பட்டை அவரைக்கும் இதே முறைதான். சுவர் மெல்லிசு என்பதால் விதை வெளியே புடைத்துத் தெரியாத காயாகப் பார்த்து வாங்குங்கள்.

கொத்தவரங்காயில் பிஞ்சுக்கு நார் அநேகமாக இருக்காது. சோதனை எளிது: நடுவில் வளைத்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு, இரண்டு முனையையும் கிள்ளினால் போதும். ஒடியாமல் வளைந்து, தோல் மட்டும் நூலாகத் தொங்கினால் முற்றல். இலேசாக முற்றியதைப் பொடிப்பொடியாகக் குறுக்கே நறுக்கினால் நாரின் நீளம் குறைந்துவிடும், வாயில் தட்டாது. பருப்பு உசிலிக்கு இந்தக் காயைப் பொடியாக நறுக்குவதில் இந்த வசதியும் உண்டு. விதை மேடு தெளிவாகத் தெரியும் காயை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திருவனந்தபுரத்துக் கடைகளுக்கு வரும் காயில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருவது. வழியிலும் பிறகு ஃப்ரிட்ஜிலும் வாடிய பிஞ்சும் ஒடியாமல் வளையும். முற்றல் என்று தூக்கிப் போடும் முன் அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவையுங்கள். வாடல் என்றால் திரும்ப விறைக்கும், நாரும் அறுந்து போகாமல் முழுசாக வரும்.

பீன்ஸுக்கு மட்டும் ஏன் நார் இல்லை?

முற்றிய காய் வெடித்து விதையைச் சிதறவிட இந்த ஓர நார் உதவுகிறது. செடிக்கு அது தேவை, நமக்குத்தான் தொல்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லெராய் என்ற ஊரைச் சேர்ந்த கால்வின் கீனி, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நார் குறைந்த பீன்ஸ் செடிகளையே தேடித் தேர்ந்தெடுத்து, நாரில்லாத ரகங்களை உருவாக்கினார். இன்று கடையில் வாங்கும் பீன்ஸில் பலவற்றுக்கு நார் உரிக்க வேண்டியதில்லை என்றால் அந்த வழியில் வந்த ரகங்கள்தான் காரணம். வீட்டுப் பந்தலில் காய்க்கும் நம் அவரையில் நார் அப்படியே இருக்கிறது.

சதை ரப்பராக மூன்று வழிகள்

ஒன்று, புளிப்பு. புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை எதுவானாலும் அமிலம் இருக்கும் இடத்தில் பெக்டின் கரைய மறுக்கும். என் தீயலில் நடந்தது இதுதான். புளித் தண்ணீரில் காயை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது இறுகியே நிற்கும். காய் முழுசாக வெந்த பிறகு புளி ஊற்றினால் பிரச்சினை இல்லை.

இரண்டு, மெதுவான சூடு. இது பலருக்குத் தெரியாது. சுமார் 55 முதல் 70 டிகிரி வரை காயில் உள்ள ஒரு என்சைம் சுறுசுறுப்பாக வேலை செய்து, பெக்டினைக் கால்சியத்தோடு கோத்து இறுக்கிவிடுகிறது. அதன் பிறகு கொதிக்க வைத்தாலும் அந்த இறுக்கம் எளிதில் போகாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அரை கிலோ காயைச் சின்ன வாணலியில் கொட்டி, பச்சைத் தண்ணீர் தெளித்து, சிறு தீயில் மூடி வைக்கும்போது காய் அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் தங்குகிறது. தண்ணீரை முதலில் கொதிக்கவிட்டு, காயைப் பிறகு போட்டால் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடும்.

மூன்று, கடினத் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் பெக்டினை இறுக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால் உங்கள் தண்ணீர் அந்த வகை. காய் வேகவைக்க மட்டும் குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் போர் தண்ணீரில் அம்மா சொல்லும் நேரமும், உங்கள் குழாய்த் தண்ணீரில் ஆகும் நேரமும் வேறுபட இதுவும் ஒரு காரணம்.

சோடா உப்பு போட்டால் சட்டென்று வெந்துவிடுமே என்று கேட்கலாம். வேகும். ஆனால் தோல் கொழகொழவென்று ஆகும், பி1 வைட்டமினும் அழியும். மேலே சொன்னதைச் செய்தால் அது தேவைப்படாது.

அதே தீயல், இரண்டாம் முறை

கால் கிலோ கொத்தவரங்காயை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக ஒடித்துக்கொண்டேன். மூன்று டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, தளதளவென்று கொதித்த பிறகே காயைப் போட்டேன். மூடவில்லை, திறந்து வைத்தால் பச்சை நிறமும் அவ்வளவாக மங்காது. எட்டாவது நிமிஷத்தில் ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கிடையே அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது, இன்னும் ஆகவில்லை. பதினோராவது நிமிஷம் மெதுவாகப் பிளந்தது, ஆனால் கூழாகவில்லை. அதுதான் பதம். தண்ணீரை வடித்ததில் கொத்தவரங்காயின் கசப்பும் கொஞ்சம் போனது.

அதற்குப் பிறகுதான் வதக்கிய சின்ன வெங்காயம், வறுத்து அரைத்த தேங்காய், புளிக்கரைசல் எல்லாம் சேர்ந்தன. புளியின் பச்சை வாசம் போகும் வரை கொதித்த பிறகு காயைச் சேர்த்து ஐந்து நிமிஷம். புளி இப்போது காயைக் கெடுக்கவில்லை. மேற்கொண்டு குழைந்து போகாமல் துண்டு துண்டாக நிற்க அதுவே உதவியது.

அவரைக்காய்க்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம். தோரனோ மெழுக்குபுரட்டியோ செய்வதானால் அகலமான வாணலியில் கடுகு தாளித்து, கால் கிலோ காயை ஒரே அடுக்காகப் பரப்பி, கால் டம்ளர் கொதிநீர் ஊற்றி, நல்ல தீயில் ஐந்து நிமிஷம் மூடுங்கள். திறந்து விரலால் அழுத்திப் பாருங்கள். பிளந்தால் தண்ணீர் வற்றும் வரை கிளறி, தேங்காயைச் சேர்த்து இறக்கலாம். பட்டை அவரை இதைவிட ஓரிரு நிமிஷம் முன்பே வெந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சமைத்தால் அதைக் கொஞ்சம் தாமதமாகப் போடுங்கள்.

ஏற்கெனவே புளியில் இறுகிப்போன காய் அடுப்பில் இருந்தால்? காயை மட்டும் வடித்து எடுத்து, வேறு பாத்திரத்தில் கொதிக்கும் வெறும் தண்ணீரில் போட்டு வேகவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இளகும். மெதுவான சூட்டில் இறுகியது அவ்வளவாக மாறாது. அதைப் பொடியாக நறுக்கி உசிலியில் சேர்த்துவிடலாம்.